DE என்று ஆரம்பிக்கும் வாட் எண்: "சரி" என்று வந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் பித்தளை ஃபிட்டிங் செய்கிறோம். நெதர்லாந்தில் வென்லோ ஊரில் ஒரு கிடங்கில் சரக்கு வைத்திருக்கிறோம், NL வாட் எண்ணும் வாங்கியாயிற்று. ஒரு ஜெர்மன் கம்பெனி 8,000 யூரோவுக்கு ஆர்டர் கொடுத்து, DE என்று ஆரம்பிக்கும் எண்ணை அனுப்பி, "வரி போடாமல் இன்வாய்ஸ் கொடுங்கள்" என்கிறது. ஐரோப்பிய இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் எண் சரி என்று வருகிறது. ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான். நம்பி அனுப்பலாமா சார்?

பதில்:

இன்னும் அனுப்பாதீர்கள். அந்த எண் இன்றைக்கு உயிரோடு இருக்கிறது என்பதுதான் நீங்கள் பார்த்த பதிலின் முழு அர்த்தம். அது உங்களுக்கு மெயில் அனுப்பியவருடைய எண்தானா என்று அந்தத் தளம் சொல்லவில்லை. ஜெர்மன் எண் விஷயத்தில் சொல்லவும் சொல்லாது. அதை நீங்களே வேறு வழியில் உறுதி செய்ய வேண்டும். அரை நாள் வேலை.

முதலில், இந்த எண் உங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்த்துவிடலாம். பீன்யாவில் உங்கள் பக்கத்து ஷெட்காரர் பெங்களூரிலிருந்து நேராக ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்பினால், வாங்குபவரின் வாட் எண் அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. இங்கே எல்யூடி கொடுத்துவிட்டு ஐஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்கிறார். அங்கே இறக்குமதி வரியை வாங்குபவர் துறைமுகத்தில் கட்டிக்கொள்கிறார். எண் தப்பாக இருந்தால் தலைவலி வாங்குபவருக்குத்தான். அதனால்தான் "வாட் எண் எல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று அவர்கள் சொல்வார்கள். அவர்கள் அளவில் அது தப்பில்லை.

உங்கள் கதை வேறு. உங்கள் சரக்கு ஏற்கெனவே சுங்கம் தாண்டி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வென்லோவிலிருந்து ஜெர்மனிக்குப் போவது ஏற்றுமதி அல்ல, ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நடக்கும் விற்பனை. அதை விற்பது நெதர்லாந்தில் வரிப்பதிவு உள்ள ஒரு வியாபாரி, அதாவது நீங்கள். இதற்கு நீங்கள் பூஜ்ய வரி போடலாம், வாங்குபவர் ஜெர்மனியில் 19 விழுக்காடு வரியைத் தன் கணக்கிலேயே காட்டிக்கொள்வார். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. சரக்கு உண்மையாகவே நாட்டைத் தாண்டியிருக்க வேண்டும். வாங்குபவருக்கு வேறொரு உறுப்பு நாட்டில் வாட் எண் இருந்து, அதை அவர் உங்களிடம் கொடுத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட விற்பனைகளை டச்சு வரித்துறைக்குத் தெரிவிக்கும் ஐசிபி அறிக்கையில் நீங்கள் அந்த எண்ணைச் சரியாகக் காட்ட வேண்டும். 2020 ஜனவரி 1-க்கு முன்னால் எண் என்பது பெரும்பாலும் ஒரு சான்றாக மட்டும் பார்க்கப்பட்டது. எண் இல்லாவிட்டாலும் மற்ற ஆதாரங்களை வைத்து வாதாட இடம் இருந்தது. அந்தத் தேதியிலிருந்து அது வரிவிலக்கின் அடிப்படை நிபந்தனையாகவே ஆகிவிட்டது. சரியான எண் இல்லையென்றால் டச்சு வரி 21 விழுக்காடு. 8,000 யூரோவுக்கு 1,680 யூரோ. வாங்குபவர் காணாமல் போய்விட்டால் அது உங்கள் கையிலிருந்து போகும் பணம்.

சரி, எண்ணுக்கு வருவோம். ஜெர்மன் வாட் எண் என்றால் DE, அதன் பின்னால் ஒன்பது இலக்கம், அவ்வளவுதான். நடுவில் சாய்கோடு இருந்தால் அது வாட் எண் அல்ல, உள்ளூர் வரி அலுவலகம் கொடுக்கும் ஸ்டொயர்நூமர். ஜெர்மன்காரர்களே சில நேரம் அவசரத்தில் அதை அனுப்பிவிடுவார்கள். DE என்று ஆரம்பித்து நீளம் ஒத்துப்போகாத எண் வந்தால், அது சுங்கத்துக்கான ஈஓஆர்ஐ எண்ணாக இருக்கலாம். இரண்டிலும் முன்னெழுத்து ஒன்றுதான் என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. உங்கள் விற்பனைக்கு இந்த இரண்டுமே உதவாது. மற்ற நாட்டு எண்களின் வடிவம் வேறு வேறு: உங்கள் நெதர்லாந்து எண்ணில் ஒன்பது இலக்கத்துக்குப் பின் ஒரு B, அப்புறம் இரண்டு இலக்கம் இருக்கும், ஆஸ்திரிய எண்ணில் AT-க்குப் பிறகு ஒரு U வரும். கிரீஸ் மட்டும் GR என்று போடாமல் EL என்று போடும். GB என்று ஆரம்பிக்கும் எண்ணை ஐரோப்பியத் தளத்தில் தேடிப் பயனில்லை. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் அதில் இல்லை, பிரிட்டிஷ் அரசின் தளத்தில்தான் பார்க்க வேண்டும். வட அயர்லாந்து மட்டும் சரக்கு விற்பனைக்காக XI என்ற முன்னெழுத்தோடு உள்ளே இருக்கிறது.

ஒன்பது இலக்கத்தில் கடைசி இலக்கம் முந்தைய எட்டிலிருந்து கணக்கிட்டு வருவது. அதனால் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தால் கணக்கு இடிக்கும். வாட் சரிபார்க்கும் மென்பொருள்கள் எண் அனுப்பப்படும் முன்பே "வடிவம் தப்பு" என்று சொல்வது இப்படித்தான். ஆனால் கணக்கு சரியாக வரும் எண்ணை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து உருவாக்கலாம். எனவே இது தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும் வலை மட்டுமே.

அடுத்தது நீங்கள் பார்த்த தளம். ec.europa.eu/taxation_customs/vies என்ற முகவரியில் இருக்கும் அதை எல்லோரும் வீஸ் என்கிறார்கள். நம் ஜிஎஸ்டி தளம் போல அங்கே ஒரு பெரிய பட்டியல் இருப்பதாக நினைக்க வேண்டாம். வீஸிடம் சொந்தமாக எந்தப் பட்டியலும் கிடையாது. நீங்கள் DE எண்ணைக் கேட்டால் அது அந்த நொடியில் ஜெர்மன் வரித்துறையின் கணினியைக் கேட்டு, வரும் பதிலை அப்படியே காட்டும். ஓசூர் சப்ளையர் 33 என்று ஆரம்பிக்கும் எண்ணைக் கொடுத்தால் ஜிஎஸ்டி தளத்தில் தட்டியதும் சட்டப் பெயர், வியாபாரப் பெயர், பதிவுத் தேதி எல்லாம் வந்துவிடும். நமக்கு அந்தப் பழக்கம். வீஸில் எவ்வளவு வரும் என்பதை அந்தந்த நாடு முடிவு செய்கிறது. பிரான்ஸ், இத்தாலி எல்லாம் பெயரும் முகவரியும் தரும். ஜெர்மனி தராது, ஸ்பெயினும் தராது. நீங்கள் பார்த்த கோடு பழுது அல்ல.

நீங்கள் தேடியபோது மேலே உங்கள் சொந்த எண்ணைப் போட்டீர்களா? பெரும்பாலானவர்கள் வாங்குபவரின் எண்ணை மட்டும் போட்டுவிட்டு, பச்சையாக வந்ததும் ஜன்னலை மூடிவிடுவார்கள். "Requester" என்ற பகுதியில் நாடாக நெதர்லாந்தைத் தேர்ந்தெடுத்து உங்கள் NL எண்ணையும் போட்டுத் தேடுங்கள். அப்போது பதிலோடு "Consultation number" என்று ஒரு குறியீடும் வரும். இன்ன தேதியில் இன்னார் இந்த எண்ணைக் கேட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நாளைக்கு அதிகாரி சந்தேகிக்கலாம், இந்தக் குறியீட்டை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. ஐரோப்பிய எண் இல்லாத நம் ஊர் ஏற்றுமதியாளருக்கு இது கிடைக்காது. உங்களுக்குக் கிடைக்கும், ஆகவே விடாதீர்கள்.

சில நேரம் "சரி" என்றும் வராது, "தப்பு" என்றும் வராது. MS_UNAVAILABLE என்று வந்தால் ஜெர்மன் கணினி அப்போது பதில் தரவில்லை என்று அர்த்தம். MS_MAX_CONCURRENT_REQ என்று வந்தால் ஒரே நேரத்தில் நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டுக்கும் எண் தப்பு என்று பொருள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். இன்னொரு பக்கம், "invalid" என்று வந்தாலே மோசடி என்றும் முடிவு கட்ட வேண்டாம். ஸ்பெயினில் உள்ளூர் வியாபாரத்துக்கு வரி எண் இருக்கும், ஆனால் நாடு கடந்து வாங்க விற்கத் தனியாக ஒரு பதிவேட்டில் சேர வேண்டும். சேராதவரின் எண் வீஸில் செல்லாது என்றுதான் வரும். அந்த ஆள் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் பூஜ்ய வரிக்கு அவர் எண் பயன்படாது.

இனிதான் முக்கியமான இடம்: உயிரோடு இருக்கும் அந்த எண் யாருடையது?

எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரிக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது. பெரிய ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவு என்று சொல்லி ஆர்டர் வந்தது. DE எண் வீஸில் உடனே சரி என்று வந்தது. நிறுவனம் உண்மையானது, அதன் முகவரி உண்மையானது, கீழே கையெழுத்துப் போட்டிருந்த பெயர்கூட அங்கே வேலை பார்ப்பவருடையதுதான். மெயில் முகவரியில் மட்டும் நிறுவனத்தின் பெயருக்கு நடுவில் ஒரு சிறு கோடு கூடுதலாக இருந்தது. முப்பது நாள் கடன் கேட்டார்கள். சரக்கை இறக்கச் சொன்ன இடம் ஜெர்மனியே இல்லை, வேறொரு நாட்டில் ஏதோ ஒரு சேமிப்புக் கிடங்கு. முன்பணம் கேட்காமல், விலை பேரம் பேசாமல், "சீக்கிரம் அனுப்புங்கள்" என்று மட்டும் அவசரப்படுத்தினார்கள். அவருடைய அக்கவுண்டன்ட் பெண்மணி நிறுவனத்தின் தளத்தில் இருந்த தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டபோது, அப்படி ஒரு ஆர்டரே இல்லை என்றார்கள். சரக்கு போகவில்லை.

அந்த மோசடிக்காரர்களுக்கு எண் எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நிறுவனத்தின் இணையதளத்திலேயே. ஜெர்மனியில் வியாபாரத் தளம் வைத்திருக்கும் எவரும் "Impressum" என்ற பக்கத்தில் தன் பெயர், முகவரி, தொடர்பு விவரம், பதிவு எண், வாட் எண் இருந்தால் அதையும் போட வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அங்கிருந்து எண்ணை எடுத்து மெயிலில் ஒட்டுவது ஒரு நிமிட வேலை. ஆகவே "அவர்கள் தந்த எண் இம்ப்ரெசம் பக்கத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறது" என்பது முதல் படி மட்டுமே. எண் யாருடையது என்று அது சொல்லிவிடும். உங்களோடு பேசுவது அவர்தானா என்று சொல்லாது.

உங்கள் ஆர்டருக்கு நான் செய்வது இப்படி இருக்கும். அவர்கள் மெயிலில் கொடுத்த இணைப்பைத் தட்டாமல், நிறுவனத்தின் பெயரை நீங்களே தேடித் தளத்துக்குப் போங்கள். இம்ப்ரெசம் பக்கத்தில் வாட் எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். அங்கேயே HRB என்று ஆரம்பிக்கும் வணிகப் பதிவேட்டு எண்ணும், எந்த ஊர் நீதிமன்றப் பதிவு என்பதும் இருக்கும். அதை வைத்து handelsregister.de தளத்தில் தேடுங்கள். 2022 ஆகஸ்ட் முதல் அங்கே ஆவணம் பார்க்கக் கட்டணம் இல்லை. நிறுவனம் இன்னும் பதிவில் இருக்கிறதா, இயக்குநர் யார், அலுவலகம் எந்த ஊரில் என்பது வரும். பதிவேட்டில் வாட் எண் இருக்காது, அதை எதிர்பார்க்காதீர்கள். பெயரையும் முகவரியையும் வைத்துத்தான் இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும். திவால் நடவடிக்கையில் இருக்கும் நிறுவனம் என்றால் அதுவும் இந்த இடத்தில் தெரிய வாய்ப்புண்டு.

அப்புறம் இம்ப்ரெசம் பக்கத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மெயிலில் இருக்கும் மொபைல் எண்ணுக்கு அல்ல. கொள்முதல் பிரிவைக் கேட்டு, பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணைச் சொல்லி, இது உங்களுடையதா என்று கேளுங்கள். நம் ஆட்கள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள், "சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவார்களோ" என்று. ஜெர்மன் கொள்முதல் ஆட்கள் இதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களே தங்கள் சப்ளையர் எண்களை இப்படித்தான் சரிபார்க்கிறார்கள். உங்கள் NL எண்ணையும் இந்நேரம் சோதித்திருப்பார்கள்.

சிலர் வாங்குபவரிடம், ஜெர்மன் மத்திய வரி அலுவலகம் எண் ஒதுக்கியபோது அனுப்பிய கடிதத்தின் நகலைக் கேட்பார்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் பிடிஎஃப் கடிதத்தைத் திருத்த ஐந்து நிமிடம் போதும் என்பதால் நான் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. போன் கூப்பிடுவதற்குப் பதிலாக அதை வாங்கி வைத்துக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள்.

இன்னொன்று, இந்தியாவில் இருந்து பார்த்தால் தெரியாத விஷயம். உங்கள் வரிப் பிரதிநிதி ஐசிபி அறிக்கையில் "இந்த DE எண்ணுக்கு 8,000 யூரோ" என்று எழுதிக் கொடுத்ததும், அந்தத் தகவல் ஜெர்மன் வரித்துறைக்குப் போய்ச் சேரும். அங்கே அந்த எண்காரர் தன் கணக்கில் 8,000 யூரோ கொள்முதலைக் காட்டினாரா என்று ஒப்பிடலாம். எண் வேறொருவருடையது என்றால், அவர் "நான் இவர்களிடம் எதுவுமே வாங்கவில்லையே" என்பார். கேள்வி வென்லோ வழியாகச் சுற்றிப் பீன்யாவுக்கு வந்து சேரும், மாதங்கள் கழித்து. அந்த நேரத்தில் உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்பதுதான் உங்களைக் காப்பாற்றும்.

அதனால் கோப்பு. வீஸ் இன்றைய நிலையைத்தான் காட்டும். போன மாதம் இந்த எண் செல்லுபடியாக இருந்ததா என்று பின்னால் போய் அதில் கேட்க முடியாது. ஆர்டர் வந்த அன்று சோதித்தது, சரக்கு கிளம்பும் அன்றைக்கு உதவாமல் போகலாம், நடுவில் எண்ணை ரத்து செய்திருக்கலாம். ஆகவே சரக்கு வென்லோவை விட்டுக் கிளம்பும் நாளில் இன்னொரு முறை கேட்டு, குறியீட்டோடு சேமித்து வையுங்கள். வழக்கமான வாடிக்கையாளர் ஆகிவிட்டாலும் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் இதைச் செய்வது நல்லது, அரை நிமிடம்தான். போனில் யாரோடு, என்றைக்குப் பேசினீர்கள் என்று ஒரு வரி எழுதி அதனோடு வையுங்கள்.

இவ்வளவு செய்தும் ஏமாந்தால்? அதற்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. டெலியோஸ் என்ற வழக்கில், பிரிட்டனில் இருந்து மொபைல் போன்களை விற்ற வியாபாரிகளிடம் வாங்குபவர் கொடுத்த போக்குவரத்து ஆவணங்கள் பொய் என்று பின்னால் தெரிந்தது. 2007-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இது: விற்றவர் நல்லெண்ணத்தோடு நடந்து, தன்னால் முடிந்த நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்து, மோசடியில் பங்கில்லாமல் இருந்தால், பிற்பாடு அவரிடம் வரி கேட்கக் கூடாது. இதில் "நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும்" என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். வீஸ் குறியீடு, HRB பதிவு, போன் குறிப்பு, சிஎம்ஆர் சரக்குச் சீட்டு எல்லாம் அங்கேதான் பேசும். அந்த வழக்கு போக்குவரத்து ஆவணம் பற்றியது, ஆகவே அதை நம்பி எண் சோதனையில் சோம்பல் வேண்டாம்.

சிஎம்ஆர் என்றதும் ஒன்று. "எங்கள் லாரியே வந்து எடுத்துக்கொள்ளும்" என்று வாங்குபவர் சொன்னால் உஷாராக இருங்கள். லாரி அவருடையது என்றால் சரக்கு எல்லை தாண்டியதற்கான சான்று அவர் கையில்தான் இருக்கும். அந்த நிலையில், சரக்கு எந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவரே எழுதிக் கொடுக்கும் அறிக்கையும் தேவைப்படும், விற்பனைக்கு அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள். முதல் ஆர்டருக்கு நீங்களே வண்டி ஏற்பாடு செய்து ஜெர்மனியில் அவர்களுடைய பதிவு முகவரிக்கு இறக்குவதுதான் என் யோசனை. கூலி கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

எல்லாம் ஒத்துப்போனால் இன்வாய்ஸில் உங்கள் NL எண், அவர்களுடைய DE எண் இரண்டையும் முன்னெழுத்தோடு போட்டு, இது ஒன்றியத்துக்குள் நடக்கும் வரிவிலக்குள்ள விற்பனை என்ற வாசகத்தையும் உங்கள் வரிப் பிரதிநிதி தரும்படி சேர்த்துப் பூஜ்ய வரியில் அனுப்புங்கள். ஏதாவது ஒன்று இடித்தால், "எண் உறுதியாகவில்லை, இப்போதைக்கு 21 விழுக்காடு சேர்த்து முன்பணம் கட்டுங்கள், சரியான எண் வந்ததும் கிரெடிட் நோட் கொடுத்துத் திருத்திவிடுகிறோம்" என்று எழுதுங்கள். உண்மையான வாங்குபவர் முணுமுணுத்துவிட்டுச் சரியான விவரத்தை அனுப்புவார். மற்றவர்களிடமிருந்து பெரும்பாலும் அதற்குப் பிறகு மெயிலே வராது.